ஓய்வு நேரத்தில் வகுப்பறையைப் பூட்டுங்கள்: கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். தலைவர்களே, செயலாளர்களே, ஆசிரியர்களே, கூட்டத்துக்கு ஒழுங்காக வரும் அம்மாக்களே, எப்போதாவது வரும் அப்பாக்களே!

நான் செந்தூல் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் ஒப்டோமெட்ரிஸ்டாக வேலை செய்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் கடையில் உட்கார இடம் இருக்காது. வருகிற பெற்றோரில் பாதிப் பேர் ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள்: "கொஞ்சம் கம்மியா பவர் போடுங்க, முழுசா போட்டா கண்ணு சோம்பேறி ஆயிடும்." பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தால் இன்னொரு விஷயம் தெரிகிறது. பாடம் எழுதி முடிக்காதவர்களை ஓய்வு நேரத்திலும் வகுப்பிலேயே உட்கார வைக்கிறார்கள், தேர்வு நெருங்கினால் உடற்கல்வி நேரம் கணிதத்துக்குப் போய்விடுகிறது. எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை, ஒரு பள்ளியில் மட்டும் நடப்பதாகவும் தெரியவில்லை. குறைந்த பவர், பறிபோகும் ஓய்வு நேரம், இந்த இரண்டைப் பற்றியும்தான் எழுதுகிறேன். முதலாவது பெற்றோர் கையில் இருக்கிறது, இரண்டாவது உங்கள் சங்கத்தின் கையில் இருக்கிறது.

முதலில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் அது புரியாமல்தான் இந்தப் பவர் பேரமெல்லாம் நடக்கிறது. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம். முதலாம் ஆண்டில் சேரும்போது 22 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும், வளர்ந்தவர்களுக்கு 24 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கண் நீள நீள, முன்னால் இருக்கும் கருவிழிப்படலமும் உள்ளே இருக்கும் லென்ஸும் தங்கள் வளைவை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டே வருகின்றன. அதனால்தான் கண் இவ்வளவு வளர்ந்தும் பெரும்பாலோருக்குப் பார்வை கெடுவதில்லை. கிட்டப்பார்வை வரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தப்புகிறது. ஒளியை வளைக்கும் பாகங்கள் அப்படியே இருக்க, கண் மட்டும் பின்பக்கமாக நீண்டுகொண்டே போகிறது.

பள்ளி மண்டபத்தில் புரொஜெக்டரைச் சரிசெய்து படம் தெளிவாக விழுந்த பிறகு, யாராவது திரையை ஓரடி பின்னால் நகர்த்தினால் என்ன ஆகும்? கருவியில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் படம் மங்கிவிடும், ஏனென்றால் ஒளிக்கதிர்கள் திரைக்கு முன்னாலேயே கூடி, திரையை அடைவதற்குள் மறுபடி விரிந்துவிடுகின்றன. நீண்ட கண்ணிலும் இதேதான். கரும்பலகையிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, விழித்திரையில் விழும்போது ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாகப் பரவிவிடுகிறது, பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. கையில் இருக்கும் புத்தகத்திலிருந்து வரும் கதிர்களோ விரிந்துகொண்டே கண்ணுக்குள் நுழைவதால் குவியும் இடமும் பின்னால் தள்ளிப்போய்ச் சரியாக விழித்திரையில் விழுகிறது. அதனால்தான் இந்தப் பிள்ளைகள் புத்தகத்தைச் சரளமாகப் படிக்கிறார்கள், வீட்டில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. முன்வரிசைக்குத் தானாக நகர்வது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, இதெல்லாம் ஆசிரியர் கண்ணில்தான் முதலில் படும். பிள்ளை எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று முடிவு கட்டுமுன் ஒருமுறை பின்வரிசையில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

எந்தத் தூரம் வரை தெளிவு என்பதை நீங்களே கணக்குப் போடலாம். நம் ஊரில் 200 பவர் என்று சொல்வது 2 டயாப்டர். 100 சென்டிமீட்டரை இரண்டால் வகுத்தால் 50, அரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல். 400 பவர் என்றால் 25 சென்டிமீட்டர், அதாவது அந்தப் பிள்ளைக்குத் தன் கை நீளத்துக்குள்கூட முழுத் தெளிவு இல்லை.

இப்போது ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வோம். எட்டு வயது, இரண்டாம் ஆண்டு, இரண்டு கண்ணிலும் 150 பவர், கண்ணின் நீளம் 24.1 மில்லிமீட்டர். எட்டு வயதுக்கு இது பெரியவர்களின் அளவு, அதுவே எச்சரிக்கைதான். அடுத்த வருடம் வருகிறாள், 225 பவர், நீளம் 24.4. அம்மா சொல்கிறார், "கண்ணாடி போட்டதாலதான் கூடிப்போச்சு." அப்படி இல்லை, கண்ணாடி இல்லாமல் இருந்தாலும் அந்தக் கண் நீண்டிருக்கும். கண் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் சுமார் 250 பவர் ஏறும் என்பது தோராயக் கணக்கு, 0.3 மில்லிமீட்டருக்கு 75 பவர் என்பது அதோடு பொருந்துகிறது. கிட்டப்பார்வை இல்லாத அதே வயதுப் பிள்ளையின் கண்ணும் வருடத்துக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வளரும். ஆகவே வளர்ச்சியை நிறுத்துவது நம் வேலை இல்லை, கூடுதல் வேகத்தைக் குறைப்பதுதான் வேலை. ஒன்றும் செய்யாமல் விட்டால் இவள் ஆறாம் ஆண்டு முடிக்கும்போது 400 பவரை ஒட்டி நிற்கலாம், 150 பவரிலேயே தொடங்கி வேகத்தைப் பாதியாக்க முடிந்திருந்தால் 275 பவரோடு நின்றிருக்கலாம்.

"400 ஆனா என்ன, கண்ணாடி போட்டுக்கிட்டா போச்சு" என்பார்கள். கண்ணாடி மங்கலைத்தான் தீர்க்கிறது, நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கிறது. பின்னாளில் லேசர் செய்தாலும் அது முன்பக்கக் கருவிழிப்படலத்தைத்தான் செதுக்குகிறது, பின்னால் இழுபட்ட விழித்திரையைத் தொடுவதே இல்லை. இழுபட்ட விழித்திரை நடுவயதுக்குப் பிறகுதான் தொல்லை கொடுக்கும்: விழித்திரை கழன்றுபோவது, கண்நீர் அழுத்த நோய், நடுப்பார்வை கெட்டுப்போவது. ஒரே ஒரு டயாப்டர், அதாவது 100 பவர், ஏறாமல் தடுத்தால் அந்த நடுப்பார்வைக் கோளாறு வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறையும் என்று 2019இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. நம் பிள்ளைக்கு 400க்கும் 275க்கும் உள்ள வித்தியாசம் அந்த 100ஐவிட அதிகம்.

சரி, குறைந்த பவர் கதைக்கு வருகிறேன். இதற்கு வெளிநாடு போகவே வேண்டாம், நம் கோலாலம்பூரிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில் 9 முதல் 14 வயதுக்குட்பட்ட 94 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முழுப் பவரும் மறுபாதிக்கு வேண்டுமென்றே சுமார் 75 பவர் குறைத்தும் கண்ணாடி கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் முழுப் பவர் போட்டவர்களுக்குச் சராசரியாக 77 பவர் ஏறியிருந்தது, குறைத்துப் போட்டவர்களுக்கு 100 பவர் ஏறியிருந்தது. ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. இருபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது, இன்னும் நம் கடைகளில் அந்தப் பேரம் நின்றபாடில்லை, சில கடைக்காரர்களே "பழகட்டும்" என்று குறைத்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். பலகையும் தெரியாமல், பவரும் நிற்காமல் போனால் அந்தக் கண்ணாடி எதற்கு?

ஆனால் பவர் என்று வந்த எண் சரியான எண்ணா என்பது வேறு கேள்வி, அதில் பெற்றோர் சந்தேகப்படுவது நியாயம்தான். பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மிக எளிதாகக் குவியும். கடையில் இயந்திரத்துக்குள் அந்தப் பலூன் படத்தைப் பார்க்கும்போதே சில பிள்ளைகள் கண்ணை இறுக்கிக் குவித்துவிடுவார்கள், இயந்திரம் இல்லாத கிட்டப்பார்வையை இருப்பதாகவோ இருப்பதைவிட அதிகமாகவோ காட்டும். எண்கள் ஒவ்வொரு முறையும் மாறி மாறி வந்தால், அல்லது இயந்திரம் 200 என்று சொல்லியும் பிள்ளை 100லேயே கடைசி வரியை வாசித்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கண் மருத்துவரிடம் போய்ச் சொட்டு மருந்து விட்டு, லென்ஸின் தசை தளரும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். அன்று முழுக்க வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கும், வீட்டுப்பாடம் எழுத முடியாது. ஆசிரியர்களே, அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். இந்தச் சொட்டு மருந்து முறையில் கோலாலம்பூரை ஒட்டிய கொம்பாக் மாவட்டத்தில் பிள்ளைகளைச் சோதித்தபோது, 7 வயதில் பத்தில் ஒருவருக்குக் கிட்டப்பார்வை இருந்தது, 15 வயதில் மூன்றில் ஒருவருக்கு. 2005இல் வெளிவந்த கணக்கு இது, வீட்டுக்கு நாலு கைப்பேசி வருவதற்கு முந்தியது.

அந்தப் பத்தில் ஒருவர் மூன்றில் ஒருவராக மாறும் காலத்தின் பெரும்பகுதி ஆரம்பப்பள்ளிக் காலம்தான். எனவே ஓய்வு நேரம்.

தைவானில் கவ்சியுங் நகரத்தை ஒட்டிய பள்ளியொன்றில் ஒரு வருடம் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு இடைவேளையிலும் பிள்ளைகளை வகுப்பறையை விட்டு வெளியே போகச் சொல்லி ஊக்குவித்தார்கள், அவ்வளவுதான். ஒரு நாளுக்கு எல்லா இடைவேளைகளும் சேர்ந்து 80 நிமிடம். பக்கத்தில் இதே மாதிரி இன்னொரு பள்ளி, அங்கே எதையும் மாற்றவில்லை. வருடக் கடைசியில், வெளியே அனுப்பிய பள்ளியில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 8.41 சதவீதம், மாற்றாத பள்ளியில் 17.65 சதவீதம். 2013இல் இது வெளியானது. ஓடினார்களா, நின்று கதை பேசினார்களா என்பது முக்கியமில்லை, விளையாட்டைவிட வெளிச்சம்தான் பலன் தந்தது என்று கருதுகிறார்கள். நல்ல விளக்குப் போட்ட வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் ஒளி இருக்கும், வெளியே மர நிழலிலேயே சில ஆயிரம் லக்ஸ், உச்சி வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். பலமான வெளிச்சம் பட்டால் விழித்திரை டோபமின் என்ற பொருளைச் சுரக்கிறது, அது கண் நீள்வதற்குக் கடிவாளம் போடுகிறது என்பதுதான் இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

நிழலே போதும் என்பதை நம் வீடுகளில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "வெயில்ல நின்னா கறுத்துடுவா" என்று பெண் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்கும் அம்மாக்களையும் பாட்டிகளையும் நான் தினமும் பார்க்கிறேன் (அந்தக் கவலையைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது இந்த மடலுக்கு வேண்டாம்). தொப்பி போடட்டும், அங்சானா மரத்தடியில் நிற்கட்டும், கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் அங்கேயே கிடைக்கும். காலைச் சபைக் கூட்டத்தை மட்டும் கணக்கில் பெரிதாகச் சேர்க்காதீர்கள், கோலாலம்பூரில் சூரியன் உதிப்பதே பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல், ஏழரைக்கு வெளிச்சம் இன்னும் மந்தம்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மழையும் டியூஷனும் வந்துவிடுகின்றன. ஆகவே பத்து மணியை ஒட்டி வரும் அந்த ஓய்வு நேரமும் உடற்கல்வி நேரமும்தான் ஒரு நகரத்துப் பிள்ளைக்கு வாரநாளில் கிடைக்கும் உருப்படியான வெளிச்சம். இருபது நிமிட இடைவேளையில் பதினைந்து நிமிடம் சிற்றுண்டிச்சாலை வரிசையிலேயே போனால் தைவான் பலனை எதிர்பார்க்க முடியாது. மேசைகளை வெளியே கூரை நிழலுக்கு நகர்த்துங்கள், வாரத்தில் சில பாடங்களை மரத்தடிக்குக் கொண்டுபோங்கள், மீதியை வார இறுதியில் பெற்றோர் ஈடுகட்டட்டும். ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது இலக்கு. பேரங்காடிக்குள் சுற்றுவது இதில் சேராது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் நன்றாக வேலை செய்கிறது, வந்துவிட்ட பிள்ளைக்கு அதன் பலன் குறைவு. அந்த 150 பவர் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பினால் மட்டும் போதாது.

அவளுக்கு இன்று மூன்று வழி இருக்கிறது. முதலாவது, வேகத்தைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி நடுப்பார்வையைச் சரியாக விழித்திரையில் போட்டாலும், நீண்ட கண்ணின் ஓரங்களில் ஒளி விழித்திரைக்குப் பின்னால் குவிகிறது, அதைக் கண் "இன்னும் நீள வேண்டும்" என்ற செய்தியாக எடுத்துக்கொள்கிறது என்று கருதுகிறார்கள். கோழிக்குஞ்சுகளின் கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்த சோதனைகளிலிருந்து வந்த எண்ணம் இது. சிறப்புக் கண்ணாடியில் நடுவில் ஒரு தெளிவான வட்டம், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பொடி லென்ஸ்கள், அவை ஒளியின் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னால் குவிக்கின்றன. ஹாங்காங்கில் இந்த வகை ஒன்றை 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் போட்டுப் பார்த்தபோது பவர் ஏறுவது சாதாரணக் கண்ணாடியைவிட 52 சதவீதமும், கண் நீள்வது 62 சதவீதமும் குறைந்தது. விலை சாதாரண லென்ஸைப் போல் பல மடங்கு, அதை மறுக்க முடியாது. இவ்வளவு கொடுத்து வாங்கியதைப் பிள்ளை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேல்விளிம்பு வழியாகப் பார்த்தால் காசு வீண். சட்டம் மூக்கில் வழுக்காமல் உட்கார வேண்டும், தெளிவான வட்டம் கண்மணிக்கு நேரே வர வேண்டும், விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும். பள்ளியில் மட்டும் போட்டுவிட்டு வீட்டில் கழற்றி வைப்பது போதாது.

இரண்டாவது, மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, இரவில் ஒரு துளி, கண் மருத்துவர் எழுதிக் கொடுத்து மட்டும். ஹாங்காங்கில் மூன்று அளவுகளை ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள், 0.05 சதவீத மருந்து ஒரு வருடத்தில் பவர் ஏறுவதை மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது, பலரும் கேள்விப்பட்டிருக்கும் 0.01 சதவீதம் கண் நீள்வதை அவ்வளவாகத் தடுக்கவில்லை. அளவு கூடினால் வெளிச்சம் கூசும். நினைத்த நேரத்தில் நிறுத்தினால் அடக்கி வைத்த வேகம் திரும்ப வரலாம், அதனால் இணையத்தில் வாங்கி நாமே விடுவதும் நாமே நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம். மூன்றாவது, கருவிழியின் மேல் போடும் கான்டாக்ட் லென்ஸ், பகலில் போடும் மென்மையான வகையோ இரவில் போட்டுத் தூங்கும் கடினமான வகையோ. இரண்டும் வேகத்தைக் குறைக்கின்றன, ஆனால் கைகழுவாத வீட்டுக்கும் குழாய் நீரில் லென்ஸைக் கழுவும் வீட்டுக்கும் நான் சொல்லமாட்டேன், கருவிழியில் கிருமி புகுந்தால் ஒரே வாரத்தில் பார்வை போய்விடக்கூடும்.

கேரட், கண் பயிற்சி, நீல ஒளி தடுக்கும் கண்ணாடி, ஓட்டை ஓட்டையாக இருக்கும் கறுப்புக் கண்ணாடி: இவை எதுவும் கண் நீள்வதை நிறுத்தாது. காசை மிச்சப்படுத்துங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் அது வேலை செய்கிறதா என்று பார்க்கப் பவர் மட்டும் போதாது, கண்ணின் நீளத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணைத் தொடாமல் ஒளியால் சில நொடிகளில் அளக்கும் கருவி கண் மருத்துவமனைகளிலும் சில கடைகளிலும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை அதே கருவியில். அந்தப் பிள்ளை சிறப்புக் கண்ணாடி போட்டு ஆறு மாதத்தில் 24.4லிருந்து 24.48க்கு வந்தால் நல்லது, வயதுக்குரிய வளர்ச்சி அளவுதான். 24.6க்கு வந்தால் கண்ணாடி ஒழுங்காகப் போடப்படவில்லை, அல்லது அவளுக்கு அது போதவில்லை, சொட்டு மருந்தும் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு எதைச் செய்தாலும் ஏறத்தான் செய்யும், முக்கியமாக அப்பா அம்மா இருவருக்கும் பவர் அதிகம் இருந்தால்.

ஆக, சங்கங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஓய்வு நேர மணி அடித்ததும் முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை வகுப்பறைகளைப் பூட்டிவிடுங்கள், தண்டனைக்குக்கூடப் பிள்ளையை உள்ளே வைக்காதீர்கள், எழுதாத பாடத்துக்கு வேறு நேரம் கண்டுபிடியுங்கள். உடற்கல்வி நேரத்தைத் தேர்வுக்காக எடுப்பதில்லை என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அப்புறம், முதலாம் ஆண்டில் பார்த்த பார்வைச் சோதனையோடு விட்டுவிடாமல் வருடத்துக்கு ஒருமுறை ஆறு மீட்டர் தூரத்தில் எழுத்துப் பலகை வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடி வாசிக்கச் சொல்லுங்கள். விரலால் மூடவிடாதீர்கள், இடுக்கு வழியே பார்த்துவிடுவார்கள், உள்ளங்கையோ அட்டையோ வேண்டும். வாசிக்க முடியாதவர்களின் பெயர் அன்றே வீட்டுக்குப் போக வேண்டும், ஆண்டறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்.

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பள்ளிகள் ஒரு சனிக்கிழமை காலையைச் சொன்னால் பலகையும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், கட்டணம் வேண்டாம். சோதனையை ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறேன், கண்ணாடி எதையும் விற்கமாட்டேன், வாசிக்க முடியாத பிள்ளைகளைப் பெற்றோர் தங்களுக்குப் பிடித்த இடத்துக்குக் கூட்டிப்போகட்டும்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஓர் ஒப்டோமெட்ரிஸ்ட்